சுங்குடி நைட்டியில் ஜிப்பும் பையும்: ஒரு படவேலையின் முழு விவரம்

மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் மொத்த விலைக்கு நைட்டி கொடுக்கும் கடைகளில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். மாடலை வைத்துப் படம் எடுத்தபோது நைட்டியில் ஜிப்பும் இல்லை, பையும் இல்லை. அடுத்த லாட்டில் அதே துணி, அதே அளவு. ஆனால் வாங்குபவர்கள் கேட்டதால் முன்பக்கம் எட்டு அங்குல ஜிப்பும் வலது இடுப்பில் ஒரு பையும் சேர்ந்துவிட்டன. கேட்லாக் படத்தில் அவை தெரியவேண்டும். மாடலை மறுபடி அழைப்பது செலவு, ஆகவே போட்டோஷாப்பில் சேர்த்துக் கொடுங்கள் என்று வேலை வரும்.

இங்கே பார்க்கப்போவது அப்படி வந்த ஒரு படம். அரக்குச் சிவப்புப் பருத்தித் துணி, அதில் ஓரங்குல இடைவெளியில் வெள்ளைப் பொட்டு அச்சிட்ட சுங்குடி டிசைன். வேறு இடத்தில் ஒருமுறை பை சேர்த்து வாங்கிய படமும் கூடவே வந்தது. அதைப் பார்த்த டைலர் சொன்னது ஒரே வரி: "என்னண்ணே, பையைத் தைக்கலையே, கோடுல்ல போட்டிருக்காங்க."

அவர் கண்ணில் முதலில் பட்டது நிழலும் இல்லை, தையலும் இல்லை. பொட்டு. அந்தப் படத்தில் துணிமேல் பை வடிவத்தில் தையல் கோடு வரைந்து, சுற்றிலும் நிழல் கொடுத்திருந்தார்கள். அதனால் உடம்புத் துணியின் பொட்டு வரிசை பையின் ஓரத்தைத் தாண்டி அப்படியே உள்ளே ஓடியது. நிஜப் பை தனியாக வெட்டிய துண்டு. அதன் பொட்டு வரிசை உடம்பு வரிசையோடு சேராது. ஓரத்தில் சில பொட்டுகள் பாதியில் மடிந்து மறையும், சில இடங்களில் இரண்டு பொட்டுகள் நெருங்கி நிற்கும். வரிசை பொருந்தும்படி வெட்டுவது விலை உயர்ந்த சட்டைகளுக்குச் செய்யும் வேலை. நைட்டிக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

எனவே இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: பை துணிக்கு மேலே ஏறி நிற்கும் இன்னொரு அடுக்கு, ஜிப் துணியை அறுத்து உள்ளே இறங்கியிருக்கும் பள்ளம். இரண்டும் வெளிச்சத்தை எதிரெதிராக வாங்கும், இரண்டும் தங்களைச் சுற்றியுள்ள துணியையும் மாற்றும். மேலே எதையாவது ஒட்டிவிட்டுக் கீழே இருக்கும் துணியைத் தொடாமல் விட்டால் அது எப்போதும் ஒட்டாகவே தெரியும்.

பொட்டே அளவுகோல்

படம் 4000க்கு 6000 பிக்சல், நின்றவாக்கில் எடுத்தது. தலை உச்சியிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை தெரிகிறது. பை எத்தனை பிக்சல் அகலம் வேண்டும் என்று கண் மதிப்பில் போடுவதுதான் பலரும் செய்வது. இந்தத் துணியில் அதற்குத் தேவையே இல்லை. பொட்டுக்குப் பொட்டு ஓரங்குலம் என்பதை மீதமிருந்த துணியில் டேப் வைத்துப் பார்த்தாயிற்று. படத்தில் ரூலர் கருவியால் அதே இடைவெளியை அளந்தால் போதும்.

இடுப்புப் பகுதியில் மேலிருந்து கீழாக இடைவெளி 150 பிக்சல் வந்தது. குறுக்கே அப்படி வரவில்லை. பையின் உள்பக்கம் வரவேண்டிய இடத்தில் 146, வெளிப்பக்கம் 128. உடம்பு அங்கே பின்னோக்கி வளைவதால் துணி ஒடுங்கித் தெரிகிறது. டைலர் கொடுத்த அளவு ஐந்தரை அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். நேராகக் கணக்கிட்டால் அகலம் 825 பிக்சல், ஆனால் இந்த உடம்பின் மேல் சராசரி 137 வைத்து சுமார் 754தான் வரவேண்டும். அந்த 70 பிக்சலை விட்டுக்கொடுக்காத பை இடுப்பில் உட்காராது, முன்னால் அட்டை தொங்குவதுபோல் நிற்கும்.

150 பிக்சலுக்கு ஓரங்குலம் என்றால் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 6 பிக்சல். இந்த ஓர் எண்ணை எழுதி எதிரே வைத்துக்கொள்வது நல்லது. பிற அளவுகள் எல்லாம் இதிலிருந்தே வரும்.

பொட்டோ கோடோ இல்லாத வெறும் துணியாக இருந்தால், அந்த நைட்டியிலேயே அளக்கக்கூடிய ஒன்றைப் பிடிக்கவேண்டும். கைவாய் மடிப்பின் அகலம், கழுத்துப் பைப்பிங்கின் தடிமன் போன்றவை. அதுவும் பை வரும் இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கவேண்டும்.

வெளிச்சம் எங்கிருந்து, நிழல் எவ்வளவு

மாடலின் கண்ணில் விழுந்த வெளிச்சப் புள்ளியும் மூக்கின் நிழலும் விளக்கு நமக்கு இடப்புறம் மேலே இருந்ததைக் காட்டின. துணி மடிப்புகளும் அதையே சொல்கின்றன, எல்லாவற்றிலும் இடச்சரிவு வெளுத்தும் வலச்சரிவு இருண்டும் இருக்கிறது. இது திசை. நிழல் எவ்வளவு அகலம் விழவேண்டும் என்பதற்குத்தான் பெரும்பாலும் யாரும் ஆதாரம் தேடுவதில்லை, ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆதாரம் படத்திலேயே இருந்தது. கழுத்துப் பைப்பிங் துணிக்கு மேலே சுமார் 4 மி.மீ. எழும்பி நிற்கிறது. அதன் வலப்பக்க நிழல் 18 பிக்சல், அதாவது 3 மி.மீ. உயரத்தில் முக்கால் பங்கு நிழல். பையின் ஓரம் மடித்து அயர்ன் செய்த இரண்டு அடுக்குத் துணி, கொஞ்சம் உப்பலும் சேர்த்தால் உயரம் ஒரு மில்லிமீட்டர்தான். அப்படியானால் நிழல் நாலைந்து பிக்சலைத் தாண்டக்கூடாது. முன்பு வந்த படத்தில் பையைச் சுற்றி 30 பிக்சல் நிழல் இருந்தது. அந்தக் கணக்குப்படி பை ஆறேழு மில்லிமீட்டர் தடிமன், ஒரு செருப்பின் அடிப்பாகம் அளவு.

பைத் துணியைப் படம் பிடிப்பது

மீதமிருந்த அதே தானிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மூன்று பக்கமும் உள்ளே மடித்து, வாயில் ஓரங்குல மடிப்பு வைத்து அயர்ன் செய்து சுவரில் குண்டூசியால் குத்திப் படம் எடுத்தது. தைக்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு. பையை உடம்பின் வளைவுக்கு ஏற்ப வளைக்கும்போது அதில் இருக்கும் தையலும் சேர்ந்து இழுபடும். ஒரு பக்கம் தையல் நீண்டும் மறுபக்கம் குறுகியும் போகும். துணி இழுபட்டதைக் கண் பொறுத்துக்கொள்ளும், தையல் நீளம் மாறினால் பொறுக்காது. ஆகவே தையலைக் கடைசியில் போடுவதே சரி.

வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக, நிழல் இல்லாமல். மடிப்பின் ஏற்ற இறக்கத்தை உடம்புத் துணியிலிருந்து எடுத்துக்கொள்வோம், பைக்கென்று சொந்தமாக ஒன்று இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். தரையில் விரித்து மேலிருந்து எடுப்பதும் ஆகாது, எடுப்பவரின் நிழலும் டியூப்லைட் நிறமும் துணியில் ஏறிவிடும்.

கைமுடிச்சுச் சுங்குடியாக இருந்தால் இன்னும் ஒரு கவனம். அச்சுப் பொட்டுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பொட்டு ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும். அங்கே பக்கத்துத் துணியை குளோன் ஸ்டாம்ப்பால் எடுத்து நிரப்பினால் ஒரே பொட்டு இரண்டு இடத்தில் நிற்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

மடிப்பு பையின் மேல் ஏறுவது

Edit > Transform > Warp கொண்டு பையை 754 பிக்சல் அகலத்துக்கு ஒடுக்கி, வெளிப்பக்கத்தைக் கூடுதலாக ஒடுக்கியது. உள்ளே பொட்டு இடைவெளி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக 146, 140, 134, 128 என்று இறங்குகிறதா என்று பார்த்தால் வளைவு சரியாக வந்ததா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது Filter > Distort > Displace. துணியின் வெளிச்ச இருளை வைத்து மேலே இருக்கும் படத்தை நகர்த்தும் வேலை இது. அதற்குத் தனியாக ஒரு சாம்பல்நிற வரைபடத்தை PSD ஆகச் சேமித்துக் கொடுக்கவேண்டும். பொட்டுத் துணியில் இது இரண்டு விதமாகக் கெடும்.

ஒன்று, வெள்ளைப் பொட்டை மேடு என்று அது நினைத்துக்கொள்ளும். அடித்துணியில் பொட்டு இருந்த இடமெல்லாம் பையில் சிறு குமிழ்போல் பிதுங்கும். அதற்கு வரைபடத்திலிருந்து பொட்டை முதலில் அழிக்கவேண்டும். பொட்டின் விட்டம் 3 மி.மீ., அதாவது 18 பிக்சல். Filter > Noise > Median எடுத்து ஆரம் 15 கொடுத்தால் பொட்டுகள் மறைந்து மடிப்புகள் மட்டும் நிற்கும். பொட்டு அந்த வட்டத்தின் பாதிப் பரப்புக்கும் குறைவாக இருப்பதால்தான் இது நடக்கிறது. நெருக்கமான பூப்போட்ட துணியில் இந்த வழி பலிக்காது, மடிப்பைக் கையால்தான் வரையவேண்டும். Median முடிந்ததும் 8 பிக்சல் Gaussian Blur.

இரண்டாவது கேடு கண்ணுக்கு உடனே பிடிபடாது. Displace 128 என்ற நடுச்சாம்பலை அசையாத புள்ளியாக எடுத்துக்கொள்ளும், அதைவிடக் கருத்தது ஒரு பக்கமும் வெளுத்தது மறுபக்கமும் நகரும். அரக்குத் துணியின் சராசரி 60 பக்கம் இருக்கிறது. அப்படியே கொடுத்தால் அளவு 10இல் பை முழுவதும் ஆறேழு பிக்சல் ஒரே திசையில் தள்ளிப்போகும், போட்ட இடம் ஒன்று, வந்த இடம் ஒன்றாகிவிடும். Levels-இல் நடு அம்பை நகர்த்திச் சராசரியை 128க்குக் கொண்டுவந்துவிட்டு Displace ஓட்டவேண்டும். இந்தப் படத்துக்கு இரண்டு திசையிலும் 8 போதுமானதாக இருந்தது.

நகர்ந்தால் மட்டும் போதாது, மடிப்பின் வெளிச்சமும் இருளும் பையின் மேல் விழவேண்டும். அதே பொட்டில்லா வரைபடத்தைப் பைக்கு மேலே வைத்து, பைக்குள் மட்டும் தெரியும்படி கிளிப் செய்து Soft Light ஆக்கினால் வேலை நடக்கும், சராசரி நடுச்சாம்பலாக இருப்பதால் நிறம் கெடாது. ஆனால் அப்படியே வைத்துவிடக் கூடாது. பை இருக்கும் இடத்தில் துணி இரட்டிப்பு. ஒற்றைத் துணியில் விழுந்த கூர்மையான சிறு சுருக்கம் இரட்டைத் துணியில் எழும்பாது, பெரிய மடிப்பு மட்டும் அகலமாகி மேலே வரும். இங்கே நெஞ்சிலிருந்து தொடைக்கு இறங்கும் ஒரு நீள மடிப்பு பையின் நடுவே போகிறது. பைக்குள் வரும் பகுதிக்கு 25 பிக்சல் Blur கூடுதலாகக் கொடுத்ததும் அது தணிந்தது. பைக்கு வெளியேயும் கடைசி ஒரு சென்டிமீட்டர், அதாவது 60 பிக்சல், மடிப்பைத் தணிக்கவேண்டும். தைத்த ஓரம் விறைப்பாக இருப்பதால் மடிப்பு அதை நெருங்கும்போதே படுத்துவிடும். இந்த வெளிப்பக்க வேலையைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மடிப்பு பையின் அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்து வருவதுபோல் இருக்கும்.

பையின் நான்கு ஓரங்கள், நான்கு விதம்

Drop Shadow சுற்றிலும் ஒரே மாதிரி விழும். நிஜப் பையில் நான்கு ஓரமும் வேறு வேறு. அதனால் அந்த நிழலை Layer > Layer Style > Create Layer கொடுத்துத் தனி லேயராகப் பிரித்து, தேவையற்ற பக்கத்தை மாஸ்க்கில் மறைத்தது.

இட ஓரம் விளக்கைப் பார்க்கிறது. அங்கே நிழல் இல்லை, மடிப்பின் முதுகில் ஒரு பிக்சல் அகலத்துக்கு வெளுப்பு மட்டும். வல ஓரத்திலும் அடி ஓரத்திலும் ஒட்டினாற்போல் இரண்டு பிக்சல் கருங்கோடு, அதிலிருந்து கரைந்து போகும் நாலைந்து பிக்சல் நிழல். நிறம் கறுப்பு அல்ல. இதே துணியின் ஆழமான மடிப்பிலிருந்து எடுத்த கருஞ்சிவப்பு. கறுப்பு போட்டால் துணி அங்கே அழுக்கானதுபோல் தெரியும்.

வாய் மட்டும் தைக்காத ஓரம். கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்ததால் இடுப்பிலுள்ள பையைச் சற்று மேலிருந்து பார்க்கிறது. வாய்த் துணி நடுவில் கொஞ்சம் முன்னால் விலகி நிற்கும், அந்த இடைவெளியின் இருட்டு தெரியவேண்டும். நடுவில் 8 முதல் 10 பிக்சல், இரு மூலைகளிலும் பூஜ்யம் என்று பிறை வடிவில் ஒரு கருமை. இதைச் சேர்த்த பிறகுதான் அது கை நுழையும் பை ஆகிறது.

தையல்

அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்றால் ஒவ்வொன்றும் 15 பிக்சல். அதில் 12 நூல், 3 இடைவெளி. நூலின் தடிமன் 0.3 மி.மீ., இரண்டு பிக்சல்தான். ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே, 12 பிக்சல். முன்பு வந்த படத்தில் தையல் 6 பிக்சல் தடிமனில் இருந்தது, சாக்கு மூட்டை தைக்கும் சணல் அளவு.

பேனா கருவியால் பாதையை வரைந்து, இரு முனையும் உருண்ட சிறு குச்சி வடிவப் பிரஷ்ஷால் Stroke Path கொடுத்தது. பிரஷ் அமைப்பில் Shape Dynamics-இல் Angle-க்கு Direction தேர்ந்தெடுத்தால்தான் குச்சி பாதையோடு திரும்பும். Spacing-ஐ ஒரு தையலின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் 15 பிக்சல் வரும்வரை நகர்த்தி, ரூலரால் அளந்து உறுதி செய்யவேண்டும். பாதையை ஓரத்துக்கு இணையாக அச்சுப்பிசகாமல் போடாமல், ஓரத்திலிருந்து 10க்கும் 14க்கும் நடுவே மெல்ல அலையவிட்டது. பவர் மெஷினில் கை அப்படித்தான் போகும்.

நூல் துணிக்குள் அழுந்துவதைக் காட்ட, தையலுக்கு அடியில் நாலு பிக்சல் அகலத்தில் மங்கலான கருங்கோடு, இருபது சதவீத அடர்த்தியில். பிறகு நடுச்சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை Soft Light-இல் வைத்து, தையல் வரியின் இருபுறமும் 15 முதல் 40 பிக்சல் வரை ஒழுங்கில்லாமல் சிறு சுருக்கங்களை வெளுத்தும் கருக்கியும் போட்டது. வாயின் இரு மூலைகளிலும் கெட்டித் தையல் வேண்டும், அங்கே தையல் இரட்டித்து அடர்ந்து நிற்கும். கை போட்டு இழுக்கிற இடம் அதுதான், எனவே அங்கிருந்து கீழே சாய்வாக ஓரிரு மெல்லிய இழுவைக் கோடுகள்.

ஒரு நுணுக்கம். அரக்குத் துணியில் அரக்கு நூல் ஏறக்குறைய தெரியாது. ஆனால் தையல் ஒரு வெள்ளைப் பொட்டின் மேல் ஏறிக் கடக்கும் இடத்தில், வெள்ளையின் நடுவே ஒரு சிவப்புக் குச்சி பளிச்சென்று நிற்கும். தையல் லேயரை வெறுமனே மங்கலாக்கி வைத்தால் அங்கேயும் மங்கிவிடும். நூலின் நிறத்தை முழு அடர்த்தியில் வைத்துத் துணியில் தானாகக் கரையவிடுவதே முறை.

ஜிப்

மூன்றாம் நம்பர் நைலான் ஜிப். மூடிய பல் வரிசை சுமார் 4 மி.மீ. அகலம், 24 பிக்சல். நீளம் எட்டு அங்குலம், நெஞ்சுப் பகுதியின் சரிவால் ஒடுங்கி 1,160 பிக்சல் வந்தது. ஜிப்பை நேராகத் தொங்கவிட்டு, விளக்கை இடப்பக்கம் மேலே வைத்து எடுத்தது. ரன்னர் உலோகம், அதில் தெரியும் பளபளப்பின் திசையைப் பிறகு மாற்றுவது கடினம்.

இங்கே நிழல் தலைகீழ். துணியின் இரு ஓரமும் உள்ளே மடிந்து மேலே நிற்க, பல் கீழே இருக்கிறது. இடப்பக்கத் துணி ஓரத்தின் நிழல் நாலு பிக்சல் பல் வரிசைமேல் விழும். வலப்பக்கத் துணி ஓரத்தின் உள்முகம் வெளிச்சம் வாங்கும். பைக்குச் செய்ததுபோல் ஜிப்புக்கு வெளியே வலப்பக்கம் நிழல் போட்டால், ஜிப் நைட்டிமேல் டேப் வைத்து ஒட்டியதுபோல் தெரியும்.

துணியை இரண்டு இடத்தில் அறுக்கவேண்டும். முதலாவது கழுத்துப் பைப்பிங். பழைய படத்தில் அது முன்கழுத்தைச் சுற்றி முழுதாக ஓடுகிறது. நடுவே ஜிப் இறங்கும்போது பைப்பிங் இரண்டாகப் பிரிந்து, இரு நுனியும் ஜிப்பின் தலைமேல் மடிந்து நிற்கவேண்டும். இரண்டாவது, நெஞ்சின் குறுக்கே சாய்வாகப் போன ஒரு மடிப்பு. ஜிப் துணியை விறைப்பாக்குவதால் மடிப்பு அதைத் தாண்டி நேர்கோட்டில் போகாது. இருபுறமும் ஓரங்குலத்துக்கு மடிப்பைத் தணித்து, வலப்பக்கம் சில மில்லிமீட்டர் கீழே தள்ளி மீண்டும் எழும்பவிட்டதும் துணி ஜிப்புக்குக் கட்டுப்பட்டது. அடிமுனையில் குறுக்குத் தையல் ஒன்று, அதன் கீழே மிகச் சிறிய சுருக்கம்.

ஜிப்புக்குப் பதில் பட்டன் கேட்டால் வேலை குறைவு. 18 லைன் பட்டனின் விட்டம் 11.4 மி.மீ., 67 பிக்சல். காஜா அதைவிடச் சற்று நீளமாக இருக்கும், எனவே பட்டனின் மேலும் கீழும் காஜாவின் முனை ஆறேழு பிக்சல் எட்டிப் பார்க்கவேண்டும். அதை மறந்தால் பட்டன் அலங்காரத்துக்கு ஒட்டியதாகிவிடும்.

கூர்மை, நுண்புள்ளி, சிறிய படம்

பைத் துணியைக் கிட்டத்தில் எடுத்ததால் சிறிதாக்கியதும் அது மாடல் படத்தைவிடக் கூர்மையாகவும், நுண்புள்ளி இல்லாமல் வழவழப்பாகவும் வந்தது. 0.6 பிக்சல் Blur கொடுத்து, Add Noise-இல் இரண்டு சதவீதத்துக்குள் சேர்த்து, 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பக்கத்துத் துணியோடு ஒப்பிட்டபோது சேர்ந்துகொண்டது.

கடைசிச் சோதனைக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் வைத்து, கோட்டை மேலும் கீழுமாகப் பலமுறை வளைத்துப் பார்த்தது. நிறங்கள் தாறுமாறாகும், ஆனால் பையின் இருட்டு அடித்துணியோடு ஒத்துப்போகாத இடம் கோடுபோட்டது மாதிரி வெளியே வரும். வலது அடிமூலையில் அப்படி ஒன்று வந்தது, நிழல் லேயரின் மாஸ்க் அங்கே குறைவாக மறைத்திருந்தது.

கேட்லாக்குக்கு உயரம் 1500 பிக்சலாகக் குறைத்ததும் ஜிப்பின் பல் அலையலையாக மின்னியது. பல்லுக்குப் பல் ஆறு பிக்சலுக்குச் சற்று மேல், கால்பங்கானதும் ஒன்றரைப் பிக்சல், அதைத் திரை காட்ட முடியாது. சிறிய படத்துக்கென்று தனிப் பிரதி எடுத்து, அதில் பல் லேயருக்கு மட்டும் 3 பிக்சல் Blur கொடுத்துவிட்டுப் பிறகு குறைக்கவேண்டும். பெரிய படத்தில் பல் அப்படியே இருக்கலாம்.

முடிந்த படத்தை டைலரிடம் காட்டியபோது தையலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "பை சைடு மூட்டுக்கு ரொம்பக் கிட்ட போயிருச்சுண்ணே, நாங்க ஒன்றரை இஞ்சி விட்டுத்தான் வைப்போம்" என்றார். அந்தப் பக்கம் ஓரங்குலம் என்பது 128 பிக்சல். ஒன்றரை அங்குலத்துக்கு 192 வேண்டும், படத்தில் இருந்தது 120. பையை 72 பிக்சல் உள்ளே நகர்த்தினால் அங்கே துணியின் ஒடுக்கமும் மாறுகிறது, மடிப்பும் பையின் வேறு இடத்தில் ஏறுகிறது. எனவே Warp-இலிருந்து எல்லாம் மறுபடி. பையின் இடத்தை மூட்டிலிருந்து இத்தனை அங்குலம், தோளிலிருந்து இத்தனை அங்குலம் என்று டைலரிடம் எழுதி வாங்கிய பிறகே Warp-ஐத் தொடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். வாங்குபவர் கையில் வரும் நைட்டியில் பை எங்கே இருக்கிறதோ, படத்திலும் அங்கேதான் இருக்கவேண்டும்.

எல்லாப் படத்திலும் இது நடக்காது. மாடலின் கை இடுப்பை மறைத்தால், துணி முறுக்கி நின்றால், அல்லது கையைப் பைக்குள் விட்டபடி காட்டவேண்டும் என்று கேட்டால், மறுபடி படம் எடுப்பதே மலிவு. உள்ளே வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய துணியிலும் அப்படியே. அங்கே பையின் இரட்டைத் துணி பின்னொளியில் கருத்துத் தெரியவேண்டும், உள்ளே மடித்த ஓரம் தனிப் பட்டையாகத் தெரியவேண்டும். அதைச் செய்து முடிக்கும் நேரத்தில் இரண்டு நைட்டி தைத்து, மாடலுக்கும் சொல்லி அனுப்பிவிடலாம்.